மூடி ஏன் பொருந்தவில்லை? நூறு ஓலைப்பெட்டியின் கணக்கு

கடைக்காரர் முதலில் பெட்டியைப் பார்ப்பதில்லை. மூடியைத்தான் தூக்குகிறார். சட்டென்று கழன்று வந்தால் "தொளதொளன்னு இருக்கே அக்கா" என்கிறார். இழுத்தும் வரவில்லை என்றால் பெட்டியே நசுங்குகிறது. பத்துப் பெட்டியில் நான்கு இப்படி இருந்தால் மீதி ஆறும் சேர்ந்து திரும்பி வந்துவிடும். பனை ஓலையில் பெட்டி முடைந்து கடைக்குக் கொடுக்கலாம் என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். முடையத் தெரியாமல் அல்ல, அளவு தெரியாமல்.

கள்ளக்குறிச்சி பக்கம் இந்தச் சிக்கலுக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே இங்கேயும் வயர் கூடை பின்னத் தெரிந்த பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சின் பெயரைச் சொன்னாலே கை தானாகப் போகும். பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்த பிறகு, இனிப்பு, காரம், கருப்பட்டி விற்கும் கடைகளில் ஓலைப்பெட்டிக்குக் கொஞ்சம் கேள்வி வந்தது. "வயரே பின்றோம், ஓலை பின்ன மாட்டோமா?" என்று தோன்றுவது நியாயம்தான். பின்னிவிடலாம். ஆனால் வயரில் ஒரு வேலையைக் கம்பெனி நமக்காக முன்கூட்டியே செய்து கொடுத்துவிடுகிறது. கட்டு முழுக்க வயரின் அகலம் ஒன்றுதான். இன்று பின்னினாலும் அடுத்த மாதம் பின்னினாலும் அதே முடிச்சு எண்ணிக்கைக்கு அதே அளவுக் கூடைதான் வரும். ஓலையில் அந்தக் கம்பெனி வேலையையும் நாமே செய்ய வேண்டும்.

எப்படி என்று பார்க்க, ஒரு ஆர்டரையே எடுத்துக்கொள்வோம். நகரத்தில் உள்ள ஒரு கடை, தீபாவளிக்கு அரைக் கிலோ பலகாரம் வைக்க மூடியுள்ள 100 ஓலைப்பெட்டி கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி சதுரம், உயரம் 10 செ.மீ. சங்கராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் நான்கு பெண்கள் சேர்ந்து இதை எடுக்கிறார்கள்.

முதலில் ஓலை. முற்றிய சாரோலை இதற்கு ஆகாது. அது கடகப்பெட்டி, கூரை, வேலி என்று முரட்டு வேலைக்குத்தான். மடித்தால் மடிப்பிலேயே பிளந்துவிடும். வேண்டியது மரத்தின் நடுவில் விரியாமல் ஈட்டி போல நிற்கும் குருத்தோலை. வெட்டி இறக்கி விரித்தால் விசிறி மாதிரி மடிப்புகள் இருக்கும். ஒவ்வொரு மடிப்பும் ஒரு இதழ் என்று சொல்லிக்கொள்வோம். இதழின் நடுமுதுகில் ஓடும் ஈர்க்கைச் சீவி எடுத்துவிட்டால் இரண்டு பட்டையான பாதிகள் கிடைக்கும். இந்த ஈர்க்கை எறிந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பாதிகளை வெயிலில் காயவைக்க வேண்டும். பச்சை சாயம் போய் வெளிர் மஞ்சளாக, கடைசியில் சந்தன வெள்ளையாக வரும்வரை இரண்டு மூன்று நாள் ஆகலாம், வெயிலைப் பொறுத்தது. நடுவில் ஒரு தூறல் விழுந்து நனைந்தபடி குவித்து வைத்தால் கறுப்புப் புள்ளி விழும். அது பூஞ்சை. துடைத்தால் புள்ளி மங்கும், வாடை போகாது. பலகாரம் வைக்கும் பெட்டிக்கு அந்த ஓலையைத் தள்ளிவிடத்தான் வேண்டும். காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

காய்ந்த பிறகுதான் இழையாகக் கிழிக்க வேண்டும். இதை மாற்றிச் செய்வதுதான் முதல் தவறு. பச்சையாக இருக்கும்போது ஓலை மெத்தென்று கிழியும், வேலை சுலபம். ஆனால் காயும்போது அகலத்தில் சுருங்கும். ஒவ்வொரு இழையும் ஒரே அளவு சுருங்காது. அடி ஓலை ஒரு மாதிரி, நுனி ஓலை ஒரு மாதிரி. நேற்று நெருக்கமாக முடைந்த பெட்டியில் இன்று காலை வெளிச்சம் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

கிழிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கைக்கு அடங்கும் ஒரு மரத்துண்டு, அதில் சரியாக 10 மி.மீ. இடைவெளியில் அடித்து இறுக்கிய இரண்டு ஊசி. ஓலையின் அடிப்பக்கத்தை ஊசிகளில் குத்தி, மரத்துண்டை அழுத்திப் பிடித்து, ஓலையை நேராக இழுத்தால் நடுவில் 10 மி.மீ. இழை தனியாக வந்துவிடும். நகத்தால் கிழிப்பவர்கள் கைப்பழக்கத்தில் நேராகவே கிழிப்பார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான்கு பேர் நான்கு நகத்தால் கிழித்தால் நான்கு அகலம் வரும்.

அதனால் என்ன, ஒரு மில்லிமீட்டர்தானே? இங்கேதான் பெட்டியின் ரகசியம் இருக்கிறது.

மூலைவாட்டில் முடையும் சதுரப் பெட்டிக்கு முதலில் தரையில் ஒரு சதுரத் தடுக்கு போடுகிறோம். நெடுக்கில் 16 இழை, குறுக்கில் 16 இழை, ஒன்று மேலே ஒன்று கீழே. இழை 10 மி.மீ. என்றால் தடுக்கு 16 செ.மீ. சதுரம். ஆனால் பெட்டியின் அடி இந்த 16 இல்லை. தடுக்கின் நான்கு மூலையும் பெட்டியின் மூலை ஆவதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் நடுவில், எட்டாவது இழைக்கும் ஒன்பதாவது இழைக்கும் இடையில்தான் பெட்டியின் மூலை பிறக்கிறது. அந்த இடத்தில் இடப்பக்கத்து எட்டு இழைகளையும் வலப்பக்கத்து எட்டு இழைகளையும் ஒன்றோடொன்று குறுக்கே கோத்தால் தடுக்கு தானாக எழும்பிச் சுவராகும். அதாவது அடி என்பது தடுக்கின் நான்கு பக்க நடுப்புள்ளிகளையும் சேர்த்தால் உள்ளே சாய்வாக வரும் சின்னச் சதுரம். அதன் பக்கம் 16-ஐ 1.41-ஆல் வகுத்தால் வருவது, ஏறக்குறைய 11.3 செ.மீ. ஒரு தாளைச் சதுரமாக வெட்டி நான்கு மூலையையும் நடுவுக்கு மடித்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இப்போது அதே 16 இழையை ஒருவர் 9 மி.மீ. அகலத்தில் கிழித்திருக்கிறார் என்று வையுங்கள். தடுக்கு 14.4 செ.மீ., அடி 10.2 செ.மீ. ஒரு இழையில் ஒரு மில்லிமீட்டர் குறைந்ததற்குப் பெட்டியில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் போய்விட்டது. எண்ணிக்கையில் தவறே இல்லை, முடைந்ததிலும் தவறில்லை. ஆனாலும் ஒருத்தி முடைந்த மூடி இன்னொருத்தியின் பெட்டிக்கு எப்படிப் பொருந்தும்?

மூடிக்கும் இதே கணக்குதான். மூடி, பெட்டியைவிட ஒரு துளி பெரிதாக இருக்க வேண்டும். பலர் "ரெண்டு இழை சேர்த்துக்கலாம்" என்று 18 இழையில் போடுவார்கள். அதே 10 மி.மீ. இழையில் 18 போட்டால் மூடி 12.7 செ.மீ. ஆகிவிடும். பெட்டியைவிட 1.4 செ.மீ. கூட. இதுதான் அந்தத் தொளதொள. ஒரே ஒரு இழை சேர்த்து 17 ஆக்கலாமே என்றால், பக்கத்தின் நடுவில் ஒரு இழையே வந்து உட்கார்ந்துகொள்ளும், மூலை சரியாக விழாது. ஆகவே எண்ணிக்கையைத் தொடாமல் அகலத்தைத் தொட வேண்டும். மூடிக்கு இழை 10.5 மி.மீ. அதே 16 இழையில் மூடி 11.9 செ.மீ. வரும். பெட்டியைவிட 6 மி.மீ. கூட, அதாவது பக்கத்துக்கு 3 மி.மீ. ஓலையின் கனம் கொஞ்சம் எடுத்துக்கொண்டது போக, விரலால் தூக்கினால் வரும், சாய்த்தால் விழாது. இதற்காக 10.5 மி.மீ. இடைவெளியில் ஊசி அடித்த இன்னொரு மரத்துண்டு வேண்டும். இரண்டும் கலந்துவிடாமல் ஒன்றில் சிவப்பு வண்ணம் பூசிவைப்பது நல்லது. கலந்துவிட்டால் அன்றைய வேலை போச்சு.

இழையின் நீளத்திலும் ஒரு சிக்கனம் இருக்கிறது. எல்லா இழையும் ஒரே நீளம் வேண்டும் என்று நினைத்துக் குட்டை ஓலையை எல்லாம் ஒதுக்கிவிடுவார்கள். தேவையில்லை. தடுக்கின் நடுவில் போகும் இழை அடியை முழுசாகக் கடந்து இரண்டு பக்கமும் சுவர் ஏறுகிறது. ஓரத்தில் போகும் இழைக்கு அடியில் வேலையே இல்லை, நேரே சுவருக்குப் போய்விடும். நம் பெட்டிக்குச் சுவர் 10 செ.மீ. உயரம் என்றால், சாய்வாக ஏறுவதால் பக்கத்துக்கு 14 செ.மீ. ஓலை பிடிக்கும். விளிம்பில் மடித்துச் சொருகப் பக்கத்துக்கு 8 செ.மீ. ஆக நடு இழைக்கு 60 செ.மீ., ஓர இழைக்கு 44 செ.மீ. போதும். மூடிக்கு உயரம் 4 செ.மீ. மட்டும் என்பதால் அதன் நடு இழையே 44-க்குள் முடிந்துவிடும், ஓர இழைக்கு 28 போதும். நீள ஓலை பெட்டியின் நடுவுக்கு, நடுத்தரம் ஓரத்துக்கும் மூடிக்கும், நுனித் துண்டு மூடியின் ஓரத்துக்கு என்று மூன்று கட்டாகப் பிரித்துவிட்டால் குப்பைக்குப் போவது பாதியாகும்.

முடையும்போது இழை ஈரமாக இருக்க வேண்டும், நனைந்திருக்கக் கூடாது. தண்ணீரில் ஊறப்போட்டால் ஓலை உப்பும். உப்பிய ஓலையை எவ்வளவு இறுக்கினாலும் காய்ந்ததும் இடைவெளி விழும். ஈரத் துணியில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்திருந்து எடுப்பதே போதும். மடித்துப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது. 'படக்' என்றால் இன்னும் காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். அப்படி முடைந்தால் மூலையில்தான் முதலில் வெடிக்கும்.

சுவர் எழும்பியதும் விளிம்பை உடனே கட்டிவிடாமல் ஒரு இரவு விட்டுவைப்பது அனுபவக்காரர்களின் பழக்கம். காலையில் ஓலை காய்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். அடியில் இருந்து ஒவ்வொரு இழையாக இழுத்து இறுக்கிக்கொண்டே வந்தால் அந்தத் தளர்ச்சி எல்லாம் மேலே வந்துவிடும். அதற்குப் பிறகு, எடுத்துவைத்த ஈர்க்குகளில் இரண்டு மூன்றைச் சேர்த்து விளிம்பைச் சுற்றி வளையமாக வைத்து, இழை நுனிகளை அதன் மேல் மடித்துக் கீழே சொருகிவிடலாம். இந்த வளையம் இல்லாத பெட்டி நான்கு நாளில் வாய் கோணிக்கொள்ளும்.

இன்னொரு துணையும் இந்த ஊரிலேயே இருக்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளி பிடிக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை. 11.2 செ.மீ. சதுரத்தில் ஒரு மரக்கட்டை, மூடிக்கு 11.8 செ.மீ.யில் இன்னொன்று செதுக்கி வாங்கி, இறுக்கும் வேலையை அந்தக் கட்டையின் மேலே வைத்துச் செய்தால் கண்ணளவு தேவைப்படாது. கட்டை உள்ளே ஆடினால் பெட்டி பெரிது, நுழையவில்லை என்றால் சிறிது. நூறு பெட்டியையும் கடைக்காரர் பார்ப்பதற்கு முன்னால் கட்டை பார்த்துவிடும்.

முடைவது இவ்வளவுதான். ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பெட்டிக்கு 32 இழை, மூடிக்கு 32. ஒரு செட்டுக்கு 64. நூறு செட்டுக்கு 6,400. ஒரு பனை ஓலையில் 60 முதல் 80 இதழ் வரை இருக்கும். கறை, விரிசல், குட்டை எல்லாம் தள்ளி ஒரு குருத்துக்கு 100 நல்ல இழை தேறும் என்று வைத்துக்கொண்டால் 64 குருத்து வேண்டும். பனை வேகமாக ஓலை விடும் மரம் இல்லை, மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றுதான் விடும். ஒரே மரத்தில் அடுத்தடுத்து குருத்தை எடுத்துக்கொண்டே போனால் மரம் மெலிந்துவிடும். ஒரு மரத்துக்கு ஒன்று என்று எடுத்தால் 64 மரம். அதாவது பலகாரக் கடையின் ஒரு ஆர்டருக்கு ஒரு ஏரிக்கரை முழுக்க ஏறி இறங்க வேண்டும்.

ஏறுவது யார்? ஓலைப்பெட்டித் தொழிலின் உண்மையான முட்டுக்கட்டை இங்கேதான் இருக்கிறது. முடைபவர்கள் பெண்கள், ஏறுபவர்கள் ஆண்கள், ஏறுபவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. மரம் நிற்கிறது. மேலே இருக்கும் ஓலைதான் கைக்கு வருவதில்லை.

இதில் காலமும் நமக்கு எதிராக நிற்கிறது. பதநீர் இறக்கும் மாதங்களில், அதாவது மாசி, பங்குனியில் தொடங்கி கோடை முழுக்க, மரமேறிகள் தினமும் மேலே போகிறார்கள். வெயிலும் இருக்கிறது. தீபாவளி வருவதோ ஐப்பசி அடைமழையில். அப்போது ஆள் கிடைத்தாலும் ஓலை காயாது. ஆகவே தீபாவளிப் பெட்டிக்கான ஓலையைச் சித்திரை, வைகாசியிலேயே இறக்கி, காயவைத்து, கிழிக்காமல் கட்டாகக் கட்டிப் பரண் மேல் ஏற்றிவிட வேண்டும். புரட்டாசியில் ஆர்டர் பேசி, அதன் பிறகு ஓலை தேடினால் கையில் வருவது புள்ளி விழுந்த ஓலைதான்.

மேற்கே கல்வராயன் மலை ஏறினால் கதையே வேறு. பனை சமவெளி மரம், வெள்ளிமலைப் பக்கம் அதை நம்பித் தொழில் செய்ய முடியாது. மலையில் கூடை என்றால் மூங்கில்தான். கிழக்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் வளரும் ஈச்சையில் பாயும் துடைப்பமும் ஆகும். மூங்கிலில் சிக்கல் அளவு இல்லை, உரிமை. 1927-ம் ஆண்டு வனச் சட்டம் மூங்கிலை மரம் என்றே கணக்கில் வைத்திருந்தது. 2006 வன உரிமைச் சட்டம்தான் மூங்கிலையும் பிரம்பையும் சிறு வனப்பொருள் என்று பெயர் சொல்லிச் சேர்த்து, உரிமை பெற்ற வனவாசிகள் அவற்றைச் சேகரிக்கலாம், விற்கலாம் என்றது. வனத்துக்கு வெளியே வளரும் மூங்கில் மரம் என்ற கணக்கிலிருந்து நீங்கியது அதற்கும் பிறகு, 2017-ல். மலையில் கூடை முடைபவர், தன் கூடை எந்த மூங்கிலில் இருந்து வந்தது என்று காட்டக் காகிதம் வைத்திருப்பது அவசியம். சமவெளிப் பெண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, மரத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்டால் போதும்.

ஓலைப்பெட்டியில் பேர் வாங்கிய ஊர்களையும் ஒருமுறை பார்க்கலாம். செட்டிநாட்டில் ஆச்சிமார்கள் கல்யாணச் சீருக்கென்று முடைந்த கொட்டான், அருகிப்போன நேரத்தில் விசாலாட்சி ராமசாமியின் எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளை முயற்சியில் மறுபடி கிராமத்துப் பெண்களின் கைக்கு வந்தது. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் பெண்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து ஓலைப் பொருள்கள் செய்கிறார்கள். இரண்டு இடத்திலும் சாயம் ஏற்றிய ஓலை அழகு கூட்டும். ஓலையைக் கொதிக்கும் சாயத் தண்ணீரில் போட்டு எடுத்து மறுபடி காயவைப்பார்கள். பலகாரப் பெட்டிக்கு மட்டும் அந்த ஆசை வேண்டாம். எண்ணெய் பட்டால் சாயம் இறங்கும். உள்ளே வெள்ளை ஓலையும் வாழை இலைத் துண்டும்தான் சரி.

கடைசியாகக் கூலி. ஒரு செட்டுக்குக் கிழிப்பது, முடைவது, இறுக்கி விளிம்பு கட்டுவது எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் என்று வைத்தால் நூறு செட்டுக்கு 300 மணி நேரம். நான்கு பேர் வீட்டு வேலை போக நாளுக்கு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் 15 நாள். கைக்குப் பழகாத முதல் ஆர்டர் என்றால் இதைவிடக் கூடத்தான் ஆகும். "பெட்டி என்ன விலை?" என்று கடைக்காரர் கேட்டதும் வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், முதலில் ஐந்து செட் செய்து, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். அந்த மூன்று மணி நேரத்துக்கு ஊரில் களை எடுக்கப் போனால் என்ன கிடைக்குமோ அதோடு, மரமேறியின் கூலியை ஒரு செட்டுக்குப் பிரித்து வரும் தொகையையும், தள்ளுபடியாகும் பெட்டிகளின் செலவையும் கூட்ட வேண்டும். அதற்குக் கீழே கடைக்காரர் கேட்டால், உயரத்தைக் குறைக்கலாமா, மூடி இல்லாமல் கொடுக்கலாமா என்று பேசலாம். மூடி இல்லை என்றால் இழையில் பாதி மிச்சம், 64 மரம் 32 ஆகிவிடும்.

விலை பேசி முடிந்ததும் அந்த ஐந்தில் ஒரு செட்டைக் கடைக்காரரிடம் கொடுத்து, அதே மாதிரி ஒன்றை மரக்கட்டையோடு வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு "மாதிரியில இப்படி இல்லையே அக்கா" என்று யாராவது சொன்னால், இரண்டையும் பக்கத்தில் வைத்து, மூடியை மாற்றிப் போட்டுப் பார்த்துவிடலாம்.